சனல் நம்பருக்குக் காத்திருக்கக் கூடாத வயிற்று நோ

"டொக்டர், கொட்டாஞ்சேனைப் பக்கம் எங்களுக்கு ஒரு மகளிர் சுயஉதவிக் குழு இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்தில் முக்கால் மணித்தியாலம், கீழ் வயிற்றுப் பிரச்சினைகளில் எதற்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று கதைக்கச் சொல்லி என்னைப் பிடித்துவிட்டார்கள். நான் தையல்காரி, நர்ஸ் கூட இல்லை. தேடிப் பார்த்தால் நோய்ப் பெயராகவே வருகிறது, வாசிக்க எனக்கே பயமாக இருக்கிறது. எதைச் சொல்வது, எதை விடுவது? வாயைத் திறக்கவே வெட்கப்படுகிறவர்களிடம் எப்படிச் சொல்வது?"
– ஒரு வாசகி, கொழும்பு 13

நோய்ப் பெயர்களை முழுதாக விட்டுவிடுங்கள். இருபது பெயர் சொன்னால் வீட்டுக்குப் போகும் வழியில் பத்தொன்பது மறந்துபோகும், மிச்சமிருக்கும் ஒன்று புற்றுநோயாகத்தான் இருக்கும், அதையே நினைத்து நாலு பேர் அன்றிரவு தூங்க மாட்டார்கள். உங்கள் ஆட்களுக்கு நோயைக் கண்டுபிடிக்கத் தெரியத் தேவையில்லை, அது எங்கள் வேலை. இந்த நோவோடு இன்றிரவே போக வேண்டுமா, இந்தக் கிழமைக்குள் போனால் போதுமா, சனல் பண்ணி நம்பர் கிடைக்கும் நாளில் போகலாமா என்று பிரிக்கத் தெரிந்தால் சரி. கொழும்பில் நான் கண்ட தாமதங்களில் நிறைய, டொக்டரிடம் போக மறுத்ததால் வந்தவை அல்ல. "வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்கு சனல் பண்ணியிருக்கு, அதுவரை பார்ப்போம்" என்று பொறுத்திருந்ததால் வந்தவை.

நேரத்தையும் சமமாகப் பங்கு போடாதீர்கள். முக்கால் மணித்தியாலத்தில் பாதிக்கு மேல் ஒரே ஒரு விஷயத்துக்குக் கொடுங்கள்: கருப்பைக்கு வெளியே தங்கும் கர்ப்பம். நூறு கர்ப்பத்தில் ஒன்று இரண்டு இப்படி ஆகும். அபூர்வம் என்று சொல்ல முடியாது, உங்கள் தெருவிலேயே யாருக்காவது நடந்திருக்கும், வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள். நேற்றுவரை ஓடியாடி வேலை செய்த பெண்ணை ஒரே இரவில் கொண்டுபோகக்கூடியது இது. அதோடு வெளியே பார்ப்பதற்கு கெஸ்ட்ரைட்டிஸ் போலவும் இருக்கும், பீரியட்ஸ் போலவும் இருக்கும்.

உள்ளே நடப்பதை முதலில் நீங்கள் விளங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் அறிகுறிகளை மனப்பாடம் செய்யத் தேவைப்படாது. முட்டை வெளிவந்து கருப்பைக்குப் போகும் வழி ஒரு மெல்லிய குழாய். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, ஒவ்வொன்றும் பத்து சென்டிமீட்டர் அளவு நீளம். கரு சேர்வதே அந்தக் குழாய்க்குள்தான். சேர்ந்த கரு சில நாளில் நகர்ந்து கருப்பைக்குள் போய் ஒட்ட வேண்டும். சிலருக்கு அது வழியிலேயே ஒட்டிக்கொள்கிறது. கருப்பை விரிந்து கொடுக்கும், குழாய் அப்படி விரியாது. கடைசிப் பீரியட்ஸ் தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் பெரும்பாலும் ஆறாவது, ஏழாவது, எட்டாவது கிழமையில் குழாய் கசியத் தொடங்கும், அல்லது கிழியும். அந்த இரத்தம் பேடில் வராது, வயிற்றுக்குள்தான் கொட்டும். இந்த ஒரு விஷயத்தைக் கூட்டத்தில் நிறுத்திச் சொல்லுங்கள். வெளியே ரெண்டு சொட்டுத்தானே படுகிறது என்று வீட்டில் எல்லாரும் ஆறுதல்படும்போது உள்ளே லீற்றர் கணக்கில் போய்க்கொண்டிருக்கலாம்.

பாடம் மாதிரிச் சொன்னால் பின்வரிசை கதைக்கத் தொடங்கிவிடும். ஒரு கதை தருகிறேன், அதை அப்படியே சொல்லுங்கள். ஒரே ஆளுடைய கதை இல்லை, வார்டில் திரும்பத் திரும்பப் பார்த்ததை ஒன்றாகச் சேர்த்தது.

முப்பத்தொரு வயதுப் பெண், ஒரு பிள்ளை, புடைவைக் கடையில் நின்று வேலை. போன மாதம் 3ஆம் திகதி வழக்கமான பீரியட்ஸ். இந்த மாதம் 1ஆம் திகதி போல் வர வேண்டியது 5ஆம் திகதி வந்தது, ஆனால் மண்ணிறத்தில் கொஞ்சம், இரண்டு நாளில் நின்றுவிட்டது. "இந்த முறை சரியாகப் போகவில்லை" என்று நினைத்தாள், அவ்வளவுதான். 13ஆம் திகதி வலப்பக்கக் கீழ் வயிற்றில் நோ. மத்தியானம் நேரத்துக்குச் சாப்பிடாததால் கெஸ்ட்ரைட்டிஸ் என்று பாமசியில் குளிசை வாங்கிப் போட்டாள். அடுத்த நாளும் நோ இருந்தது, லேடி டொக்டரிடம் 17ஆம் திகதிக்கு சனல் பண்ணினார்கள். 14ஆம் திகதி இரவு பத்து மணிக்குத் திடீரென்று கத்தியால் குத்தியது போல் ஒரு நோ, கூடவே டொய்லட் போக வேண்டும் போல் முட்டிக்கொண்டு வந்தது. போனாள், ஒன்றும் வரவில்லை, எழும்பும்போது கண் இருட்டிக் கதவோடு சரிந்தாள். வீட்டில் எல்லாரும் ஓடி வந்து தூக்கினார்கள், மாமி கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். பதினொரு மணிக்கு நோ குறைந்தது. "இப்ப பரவாயில்லை" என்று அவளே சொன்னாள். பக்கத்து வீட்டில் ஓட்டோ நின்றது, கணவன் போவோமா என்று கேட்டான், விடியட்டும் என்றார்கள். படுத்தால் வலது தோளில் ஒரு உளைச்சல், அதற்குப் பாம் தடவினார்கள். விடிய ஐந்து மணிக்கு உடம்பு சில்லிட்டு வியர்த்துக் கொட்டியது, எழும்பி நிற்க ஏலவில்லை.

ஆஸ்பத்திரியில் பிரஷர் இறங்கிக் கிடந்தது, சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பம் என்று காட்டியது, வயிற்றுக்குள் ஒன்றரை லீற்றர் இரத்தம். வெடித்த குழாயை எடுத்தார்கள், இரத்தம் ஏற்றினார்கள், பிழைத்தாள். இன்னும் ஒரு மணித்தியாலம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை.

கதை முடிந்ததும், "எந்த இடத்தில் இவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் கண் இருட்டி விழுந்த இடத்தைச் சொல்வார்கள். சரிதான், அந்த நிமிடமே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு இடம் இருக்கிறது, 13ஆம் திகதி. பீரியட்ஸ் பிந்தி, வழக்கத்துக்கு மாறாக வந்து, அதன்பின் ஒரு பக்கமாக நோ. பாமசிக்குப் போனவள் கெஸ்ட்ரைட்டிஸ் குளிசைக்குப் பதிலாக கர்ப்பம் பார்க்கும் ஸ்ட்ரிப் ஒன்று வாங்கியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், கிழியாத குழாயோடு நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள்.

பிறகு கதையைத் திரும்பப் பிரித்துக் காட்டுங்கள். முதலாவது, 5ஆம் திகதி வந்தது பீரியட்ஸே இல்லை. "மாதா மாதம் வருகிறதே, எப்படிக் கர்ப்பம்?" என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதைத்தான்: இரத்தம் வந்தது என்பதற்காகக் கர்ப்பம் இல்லை என்று ஆகாது. திகதி தள்ளி, நிறம் மாறி, அளவு குறைந்து வந்தால் அதைப் பீரியட்ஸ் கணக்கில் போடாமல் ஸ்ட்ரிப் வைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது அந்தத் தோள் நோ. வயிற்றில் இரத்தம் தேங்கினால் மேலே நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையில் அது படும். அந்தத் தசைக்குப் போகும் நரம்பும் தோள்பட்டை உணர்ச்சியும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து புறப்படுகின்றன. அதனால் மூளைக்கு இடம் பிசகித் தோள் நோகிறது என்று தோன்றும். படுத்தால் கூடும், ஏனென்றால் படுக்கும்போது இரத்தம் மேல்நோக்கிப் பரவும். எந்த இடம் என்று கேட்டால் உங்களுக்குக் காட்டச் சுலபம், சட்டையில் கையைப் பொருத்தித் தைப்பீர்களே, அந்தத் தோள் நுனி. சுமை தூக்கியதால் வரும் தோள் நோ கையை அசைத்தால் கூடும். இது கையை அசைப்பதோடு சம்பந்தமில்லாமல் இருக்கும்.

மூன்றாவது டொய்லட். கீழே தேங்கும் இரத்தம் மலக்குடலை அழுத்துவதால் போக வேண்டும் போல் இருக்கும், சிலருக்கு வயிற்றோட்டமும் சத்தியும் கூட வரும். அதனால்தான் "சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டிலும் சொல்வார்கள், சில வேளை எங்களில் சிலரும் சொல்லிவிடுவோம். பிள்ளை பெறும் வயதிலுள்ள ஒருத்தி வயிற்றோட்டத்தோடு மயங்கி விழுந்தால், முதலில் கேட்க வேண்டியது எங்கே சாப்பிட்டாய் என்பதல்ல. கடைசியாக ஒழுங்கான பீரியட்ஸ் எப்போது என்று கேட்க வேண்டும்.

நான்காவதுதான் என்னை எப்போதும் பயப்படுத்துவது: பதினொரு மணிக்கு நோ குறைந்ததே, அது. இழுபட்டுக்கொண்டிருந்த குழாய் கிழிந்துவிட்டால் இழுவை போய்விடும், கொஞ்ச நேரம் நோ இறங்கும். இளம் உடம்பு நிறைய இரத்தம் போகும்வரை பிரஷரைப் பிடித்து வைத்திருக்கும், கதைக்கும், சிரிக்கக் கூடச் செய்யும், பிறகு ஒரேயடியாக விழும். அதனால் மயக்கம் வந்துபோன பெண் "இப்ப நல்லாருக்கேன்" என்று சொன்னாலும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். இதை மாமிமாருக்கும் சொல்லுங்கள், முடிந்தால் அந்தக் கூட்டத்துக்கு அவர்களையும் கூப்பிடுங்கள், இரவு பதினொரு மணிக்கு வீட்டில் முடிவெடுப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

இனிக் கேள்விகள் வரும். "எனக்கு எல்.ஆர்.டி. செய்தாச்சு, எனக்கில்லைதானே?" என்று ஒருவராவது கேட்பார். குழாய் கட்டியவருக்குக் கர்ப்பம் தங்குவது மிகவும் அரிது, ஆனால் தப்பித் தவறித் தங்கினால் அது குழாயில் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களை விடப் பல மடங்கு அதிகம். லூப் வைத்தவர்களுக்கும் அதே கணக்கு. லூப் கர்ப்பத்தை உண்டாக்கவில்லை, குழாய்க்குள் தள்ளவும் இல்லை. கருப்பைக்குள் தங்குவதை நன்றாகத் தடுக்கிறது, அதையும் மீறித் தங்கினால்தான் இந்தச் சந்தேகம். லூப்பைப் பயந்து யாரும் எடுக்கப் போகாமல் இதைப் பதமாகச் சொல்லுங்கள். முன்பு ஒருமுறை இப்படி வந்தவர்கள், குழாயில் கிருமி பிடித்தவர்கள், பிள்ளை இல்லாமல் சிகிச்சை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேரளவில் இதில் எந்தக் காரணமும் இருப்பதில்லை, ஆகவே "எனக்கு அப்படி எதுவுமில்லை" என்பதும் பாதுகாப்பல்ல.

யாரும் கேட்க மாட்டாத கேள்வி ஒன்றிருக்கிறது, அதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். கர்ப்பத்தைக் கலைக்க எங்கேயோ குளிசை வாங்கிப் போட்டுவிட்டு, இரத்தம் பட்டதும் முடிந்தது என்று இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அந்தக் குளிசை கருப்பையைச் சுருக்கி இரத்தத்தை வரவைக்கும், குழாயில் இருக்கும் கருவை ஒன்றும் செய்யாது. ஒரு கிழமை கழித்து நோவும் மயக்கமும் வந்தால், குளிசை போட்டதை வெளியே சொல்லப் பயந்து வீட்டிலேயே படுத்திருப்பார்கள். இலங்கையில் தாயின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல் கருக்கலைப்பு சட்டப்படி குற்றம், ஆகவே அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்குகிறது. ஆனால் இரத்தம் போகிற பெண்ணுக்குச் சிகிச்சை தருவதுதான் வார்டின் வேலை. என்ன போட்டாள், எப்போது போட்டாள் என்று டொக்டருக்குத் தெரிந்தால் நேரம் மிச்சமாகும். கல்யாணமாகாத பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அம்மா வெளியே நிற்கட்டும் என்று கேட்க அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு, நாங்களே பெரும்பாலும் அப்படித்தான் கேட்போம்.

சரி, என்ன செய்ய வேண்டும்? நோ இலேசாக இருந்து, நடமாட முடிந்து, தலைச்சுற்று இல்லையென்றால் முதலில் ஸ்ட்ரிப். காலையில் எழும்பியதும் போகும் முதல் சிறுநீரில் பார்ப்பது நல்லது, ஆனால் சந்தேகம் பின்னேரம் வந்தால் பின்னேரமே பாருங்கள், விடியும்வரை வைத்திருக்காதீர்கள். இரண்டு கோடு வந்து, ஒரு பக்க நோவோ இரத்தமோ இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, சனல் இல்லை. ஒரு கோடு வந்தால் இது இல்லாமலிருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் நோ கடுமையாக இருந்தால் ஸ்ட்ரிப் என்ன சொன்னாலும் போக வேண்டும்.

மயக்கம், கடும் நோ, தோள் நோ, குளிர்ந்த வியர்வை, இதில் எது வந்தாலும் ஸ்ட்ரிப் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸுக்குக் காசு இல்லை. சில பேர் ஓட்டோவில் போனால் கெதியாகப் போகலாம் என்பார்கள், அம்பியூலன்ஸ் வரப் பிந்துமென்று சொன்னால் அதுவும் சரி, ஆனால் அவளைத் தனியாக அனுப்பக்கூடாது, உட்காரவைக்காமல் முடிந்தளவு சாய்த்துப் படுக்கவைத்துக் கொண்டுபோங்கள். பக்கத்துச் சின்ன டிஸ்பென்சரியில் இறங்கி ஊசி போட்டுப் பார்ப்பதற்கு இது நேரமல்ல. சத்திரசிகிச்சையும் இரத்தமும் உள்ள இடத்துக்கு நேரே போக வேண்டும். கொட்டாஞ்சேனையிலிருந்து என்றால் கொழும்பு தேசிய வைத்தியசாலை, அல்லது பெண்களுக்கான டி சொய்சா, காசல் வீதி வைத்தியசாலைகள். வத்தளைப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் அவர்களுக்கு ராகமை, தெஹிவளைப் பக்கம் என்றால் களுபோவில. வழியில் சாப்பாடோ, தேத்தண்ணியோ, கொத்தமல்லியோ கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். நோவுக்கு இரண்டு பனடோல் ஏற்கெனவே போட்டிருந்தால் பரவாயில்லை, ஆனால் போட்டுவிட்டுக் குறைகிறதா என்று வீட்டில் இருந்து பார்ப்பதுதான் பிழை.

ஆஸ்பத்திரி வாசலில் "வயிற்று நோ" என்று மட்டும் சொன்னால் ஓ.பி.டி. வரிசையின் கடைசியில் நிற்பீர்கள். கூட்டத்தில் எல்லாரையும் ஒருமுறை சத்தமாகச் சொல்ல வையுங்கள்: "பீரியட்ஸ் பிந்தியிருக்கு, ஒரு பக்கம் கடுமையான வயிற்று நோ, மயங்கி விழுந்தவ." மூன்றும் ஒரே மூச்சில் வந்தால் எந்த நர்ஸும் தலையைத் தூக்கிப் பார்ப்பார். சிங்களத்தில் சொல்ல வேண்டி வந்தால், "மென்சஸ் பரக்குய், பட ரிதெனவா, கலந்தெ தானவா" என்றால் போதும். கூட வருகிற கணவனுக்கும் பழக்குங்கள், அவர்களுக்குத்தான் முதல் சொல்லில் தொண்டை அடைக்கும்.

உள்ளே போனால் என்ன நடக்கும் என்றும் சொல்லுங்கள், தெரியாததால்தான் பாதிப் பயம். சிறுநீர் பார்ப்பார்கள், இரத்தம் எடுப்பார்கள், ஸ்கேன் செய்வார்கள். ஸ்கேன் சில வேளை கீழ் வழியாகச் செய்ய வேண்டி வரும். குழாயும் கருப்பையும் அப்படித்தான் தெளிவாகத் தெரியும். கல்யாணமாகாதவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டால் அவர்களைக் கேட்காமல் அதைச் செய்ய மாட்டார்கள். ஆரம்பத்தில் ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலும் போகலாம், அப்போது இரத்தத்தில் கர்ப்ப ஹோர்மோன் அளவைப் பார்த்து, 48 மணித்தியாலம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். கூடும் வேகத்தை வைத்துத்தான் எங்கே இருக்கிறது என்று ஊகிக்க முடியும். "ஒன்றும் இல்லையாம், திரும்ப வரச் சொன்னார்கள்" என்று வந்தவள் அந்த இரண்டாவது முறைக்குப் போகாமல் விடுவது நடக்கிறது. போக வேண்டும், இடையில் நோ கூடினால் திகதி பார்க்காமல் போக வேண்டும். கிழியாமல் சின்னதாக இருக்கும்போது பிடித்தால் மெதோட்ரெக்ஸேட் ஊசியால் கரைக்க முடியும், இல்லாவிட்டால் சத்திரசிகிச்சை. பிள்ளை இனிக் கிடைக்காதா என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். ஒரு குழாய் இருந்தாலே பலருக்குக் கிடைக்கிறது. அடுத்த கர்ப்பத்தில் ஆறாவது, ஏழாவது கிழமையிலேயே ஸ்கேன் எடுத்து இடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பத்தில் ஒருவருக்கு அளவில் இது திரும்ப வரலாம்.

இதற்குள் அரை மணித்தியாலம் போயிருக்கும். மிச்சத்தில் சூலகம் முறுக்குவதைச் சொல்லுங்கள், இது சின்னப் பிள்ளைகளுக்கும் வரும், கர்ப்பத்தோடு சம்பந்தமில்லை. சூலகத்தில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் கட்டி இருந்தால் அதன் பாரத்தில் காம்பு திருகிக்கொள்ளும், இரத்த ஓட்டம் நின்றுபோகும். திடீரென்று ஒரு பக்கம் தாங்க முடியாத நோ, அதோடு சத்தி, சில வேளை விட்டு விட்டு வரும், காம்பு கொஞ்சம் அவிழ்ந்து திரும்பத் திருகுவதால். சில மணித்தியாலத்துக்குள் திருகலை அவிழ்த்தால் சூலகத்தைக் காப்பாற்றலாம், ஒரு நாள் போனால் பலருக்கு முடிவதில்லை. பதின்மூன்று வயது மகள் இரவு சத்தி எடுத்துக்கொண்டு வயிற்றைப் பிடித்துச் சுருண்டால், பீரியட்ஸ் நோ என்று சுடுதண்ணிப் பை வைத்துப் படுக்கப் போட வேண்டாம்.

மற்றவை சுருக்கமாகப் போதும். பெரிய பேட் ஒன்று ஒரு மணித்தியாலத்தில் நனைந்து, அடுத்த மணித்தியாலமும் அப்படியே போனால் அன்றைக்கே. பிள்ளை பெற்ற பிறகோ, கரு கலைந்த பிறகோ, லூப் வைத்த பிறகோ காய்ச்சலும் கீழ் வயிற்று நோவும் நாறுகிற வெள்ளையும் சேர்ந்து வந்தால் அதுவும் அன்றைக்கே. சிறுநீர் முட்டியும் போக முடியாமல் இருந்தால் அன்றைக்கே. வெறும் வெள்ளை படுதல், அரிப்பு, மாதா மாதம் ஒரே மாதிரி வரும் பீரியட்ஸ் நோ, கீழே இறங்கின மாதிரி இருப்பது, இதெல்லாம் கிளினிக் நாளுக்குப் பொறுக்கும், பொறுக்கும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் ஓடு என்று சொன்னால் ஒன்றுக்கும் ஓட மாட்டார்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, வயது போனவர்களுக்கானது. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கடந்தபின் ஒரு துளி பட்டாலும், நோவே இல்லாவிட்டாலும், அந்தக் கிழமைக்குள் காட்ட வேண்டும். "போனது திரும்பி வந்திருக்கு, உடம்பு சூடு" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் சாதாரணமானதுதான், ஆனால் பத்தில் ஒருவருக்கு அளவில் கருப்பைப் புற்றுநோயாக இருக்கிறது. இவ்வளவு சீக்கிரம் அடையாளம் காட்டுகிற புற்றுநோய்கள் குறைவு. நோ இல்லை என்பதால்தான் தள்ளிப்போடுகிறார்கள், அதைச் சொல்லிவிடுங்கள். சுவநாரி கிளினிக்கில் எடுத்த பாப் பரிசோதனை நல்லாயிருந்தது என்பது இதற்குப் பதிலாகாது, அது கருப்பையின் வாயைப் பார்ப்பது.

வெட்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். யாரிடமும் "உனக்கு எப்படி?" என்று கேட்காதீர்கள், கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். கதையிலுள்ள பெண்ணைப் பற்றிக் கேளுங்கள், அவளுக்காக எல்லாரும் தாராளமாகக் கதைப்பார்கள், தங்களுடையதையும் அதற்குள் செருகிவிடுவார்கள். முடிவில் ஒவ்வொருவரையும் ஃபோனை எடுத்துக் கடைசி ஒழுங்கான பீரியட்ஸ் தொடங்கிய திகதியைக் கலண்டரில் போடச் சொல்லுங்கள், யாரும் காட்டத் தேவையில்லை. அந்தத் திகதியைத்தான் நாங்கள் முதலில் கேட்போம், மயங்கிக் கிடக்கும்போது அதைச் சொல்ல முடியாது. அதற்குப் பக்கத்தில் 1990.

கூட்டம் கலைந்தபின் ஒருத்தி உங்களை ஒதுக்குப்புறமாக இழுத்து, "அக்கா, எனக்கும் அந்த மாதிரித்தான்..." என்று தொடங்குவாள், நிச்சயம் நடக்கும். வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், என்ன நோய் என்று ஊகிக்கவும் வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள்: கடைசி ஒழுங்கான பீரியட்ஸ் எப்போது, நோ ஒரு பக்கமா, தலைச்சுற்றியதா. முதலாவதற்குப் பதில் ஐந்து கிழமைக்கு மேல் என்று வந்து, மற்ற இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால், கடையைப் பூட்டிவிட்டு அவளோடு நீங்களே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றதுகளுக்கு எம்.ஓ.எச். அலுவலகத்து மிட்வைஃபிடம் அனுப்பலாம். அவருக்கு முன்கூட்டியே சொல்லிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு வைத்தால் இன்னும் நல்லது, நீங்கள் பதில் தெரியாமல் நிற்கும் இடத்தில் அவர் பக்கத்தில் இருப்பார்.